தவிட்டுத் தரையும் களைத்த காலும்

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு மாடர்ன் ரைஸ் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஷிப்டுக்கு நாற்பத்திரண்டு பேர். மூன்று மாதத்தில் மூன்று பேருக்குக் கணுக்கால் மடங்கிவிட்டது. அதில் இரண்டு, சாயங்காலம் நாலு மணிக்கு மேல், பாலிஷர் பக்கம் நடந்தது. ஓர் அக்கா சுளுக்கு எடுப்பவரிடம் போய் நீவிவிட்டு வந்தார். நன்றாக நடக்கிறார், ஆனால் ஐந்து வாரம் ஆகியும் பொழுது சாய்ந்தால் கால் வீங்குகிறது. பேக்கிங்கில் நிற்கும் பெண்கள் பலர் குதிகால் வலி என்கிறார்கள். முதலாளி, "திங்கட்கிழமை காலையில் எல்லாரையும் கூட்டிப் பத்து நிமிஷம் பேசு, பார்த்து நடக்கச் சொல்லு" என்கிறார். எல்லாருக்கும் ரப்பர் செருப்பு வாங்கலாம், தரையை மூன்று வேளையும் தண்ணீர் விட்டுக் கழுவலாம் என்று நினைக்கிறேன். விபத்துப் பதிவேட்டில் எழுதினால் மில்லுக்குத் தொந்தரவு வருமா? நான் என்ன பேசட்டும்?
— பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

"நாலு மணிக்கு மேல், பாலிஷர் பக்கம்" என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் பேச்சுக்கு வேண்டியது பாதி அதிலேயே இருக்கிறது. ஒரே இடம், ஒரே நேரம். கவனக்குறைவுதான் காரணம் என்றால் மில்லில் எங்கு வேண்டுமானாலும், எந்த மணிக்கு வேண்டுமானாலும் விழுந்திருப்பார்கள். அந்த இடத்தில் தரை ஒரு மாதிரி இருக்கிறது, அந்த நேரத்தில் கால் ஒரு மாதிரி இருக்கிறது. இரண்டும் சேரும்போது கணுக்கால் மடங்குகிறது.

முதலில் தரையைப் பார்ப்போம். பாலிஷரைச் சுற்றி எப்போதும் மெல்லிசாகத் தவிடு படியும். நம் பக்கத்து மில்களில் ஓடுவது பெரும்பாலும் புழுங்கல். புழுங்கலரிசித் தவிட்டில் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கும். அதற்காகத்தான் எண்ணெய் ஆலைக்காரர்கள் அதை விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள். காய்ந்த தவிடு காலுக்கடியில் மாவு மாதிரி நழுவும். அதோடு தண்ணீர் சேர்ந்தால் எண்ணெய்ப் பசையாகித் தரையோடு ஒட்டிக்கொள்ளும். ஊறல் தொட்டிப் பக்கமிருந்து ஈரக்காலோடு வருகிறவர் ஒவ்வொருவரும் அந்த ஈரத்தைக் கொண்டுவந்து தவிட்டில் வைத்துவிட்டுப் போகிறார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாசலிலிருந்து வண்டல் சேறும் கூட வரும்.

இப்போது காலைப் பார்ப்போம். பாதம் உள்பக்கமாக மடங்கப் போகும்போது அதை இழுத்துப் பிடிப்பது முழங்காலுக்குக் கீழே, காலின் வெளிப்புறம் ஓடும் தசைகள். காலையில் அவை கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை செய்யும். ஏழெட்டு மணி நேரம் சிமெண்ட் தரையில் நின்றபின் அதே தசைகள் களைத்துத் தாமதமாக விழித்துக்கொள்ளும். அந்தக் கொஞ்ச நேரத் தாமதத்துக்குள் பாதம் மடங்கிவிடும். கணுக்காலின் வெளிப்பக்கத்தில், எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கும் தசைநார் இழுபடும், அல்லது கிழியும். நாம் சுளுக்கு என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். நிற்பதால் வரும் வலி ஒரு தலைப்பு, வழுக்கி விழுவது இன்னொரு தலைப்பு என்று திங்கட்கிழமை பிரித்துப் பேசாதீர்கள். காலையிலிருந்து நின்ற கால்தான் சாயங்காலம் வழுக்குகிறது.

தண்ணீர் விட்டுக் கழுவுவது பற்றி

நல்ல மனசோடுதான் இதை யோசித்திருக்கிறீர்கள், ஆனால் தவிட்டின் மேல் வெறும் தண்ணீர் விட்டால் நிலைமை மோசமாகும். ஓரிடத்தில் இருந்த எண்ணெய்ப் பசை தரை முழுக்கப் பரவும். முதலில் காய்ந்த நிலையிலேயே பெருக்கி, ஒட்டியிருப்பதைத் தகட்டால் சுரண்டி அள்ள வேண்டும். பிறகு வெந்நீரில் சோப்பு ஆயில் கலந்து தெளித்து, ஐந்து பத்து நிமிஷம் ஊறவிட்டு, முரட்டு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அப்புறம் நல்ல தண்ணீரில் அலசி, வைப்பரால் வடிகால் பக்கம் தள்ளிவிட்டு, தரை காயும்வரை யாரும் அந்தப் பக்கம் நடக்காமல் கயிறு கட்டி வைக்க வேண்டும். சோப்பை அலசாமல் விட்டால் சோப்பே வழுக்கும். ஓடும் மிஷின் பக்கத்தில் இதைச் செய்யக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஷிப்ட் மாறும்போது செய்யுங்கள். பகலில் காய்ந்த பெருக்கல் மட்டும் போதும், ஆனால் அதை அடிக்கடி செய்ய வேண்டும். மூன்றரை மணிக்கு ஒரு முறை கட்டாயம் பெருக்கச் சொல்லுங்கள். உங்கள் மில்லில் கால் மடங்கும் நேரத்துக்கு அது சற்று முன்னால்.

நம் மில்களில் ஈரம் கண்ட இடத்தில் பழைய சாக்கை விரித்துப் போடுவார்கள். இதை விடச் சொல்லுங்கள். சாக்கு தரையோடு சேர்ந்து நகரும், இல்லாவிட்டால் அதன் ஓரம் காலைத் தட்டும். உமியைத் தூவுவதும் வேண்டாம். சிந்திய அரிசியையும் சும்மா விடக் கூடாது. வழவழப்பான தரையில் ஒரு கைப்பிடி அரிசி காலுக்கடியில் கோலிக்குண்டு மாதிரி உருளும்.

இதெல்லாம் நிர்வாகம் செய்ய வேண்டிய வேலை, தொழிலாளியின் தலையில் கட்டுவது அல்ல. 1948இல் தொழிற்சாலைகள் சட்டம் போட்டபோதே, ஈரமாகும் தரைக்கு வடிகால் வேண்டும், நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்தார்கள். வழுக்கும் பொருள் தரையில் இருக்கக் கூடாது என்பதை 1976இல் சேர்த்தார்கள். முதலாளியிடம் இதை வாதமாக வைக்க வேண்டாம். "பாலிஷர் அடியில் தவிடு கசியும் இடத்தை ஃபிட்டரை விட்டு அடைத்தால் வழுக்கல் பாதி குறையும், தவிடும் வீணாகாது" என்று சொல்லிப் பாருங்கள். தவிடு காசு என்பது அவருக்குத் தெரியும்.

ரப்பர் செருப்பு வேண்டாம்

ரப்பர் செருப்பு காலைப் பிடித்துக்கொள்ளாது. நாம்தான் விரலால் அதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறோம். ஈரத்தில் பாதம் செருப்புக்குள்ளேயே வழுக்கும். அந்தக் காசுக்குக் குதிகாலையும் சேர்த்து மூடும், லேஸ் அல்லது பட்டை வைத்து இறுக்கும் ஷூ வாங்குங்கள். அடிப்பகுதியில் ஆழமான வரிகள் இருக்க வேண்டும். எண்ணெய் தாங்கும் ரப்பரோ பி.யு. சோலோ என்று கேட்டு வாங்குங்கள். கடினமான பிளாஸ்டிக் சோல் எண்ணெய்த் தரையில் வழுக்கும். பாதுகாப்பு ஷூவுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15298. பில்லில் அது இருக்கட்டும்.

அளவில்தான் பெரும்பாலும் ஏமாறுகிறோம். மொத்தமாக வாங்கும்போது ஆண்கள் அளவில் வாங்கி, பெண்களுக்குச் சின்ன எண்ணைக் கொடுத்துவிடுகிறார்கள். நீளம் சரியாக இருந்தாலும் குதிகால் பக்கம் தொளதொளவென்று இருக்கும், அதிலேயே கால் பிரளும். ஊறல் தொட்டிப் பக்கம் போடும் கம்பூட்டிலும் இதே தொல்லை உண்டு. நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் என்பதால் அளவைச் சாயங்காலம் எடுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். மாதம் ஒரு முறை ஷூவைத் திருப்பிப் பாருங்கள். குதிகால் பக்கம் வரிகள் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தால், மேலே எவ்வளவு புதுசாக இருந்தாலும் அதை மாற்றியாக வேண்டும்.

திங்கட்கிழமை பத்து நிமிஷம்

பேச்சை மீட்டிங் ஹாலில் வைக்காதீர்கள். பாலிஷர் ஓடத் தொடங்குமுன் அங்கேயே எல்லாரையும் நிற்க வையுங்கள். ஒரு பழைய டைல்ஸ் துண்டு, ஒரு பிடி தவிடு, ஒரு டம்ளர் தண்ணீர், தேய்ந்த செருப்பு ஒன்று, புது ஷூ ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். டைல்ஸ் மேல் தவிட்டைத் தூவி, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, தேய்ந்த செருப்பைக் கையால் அழுத்தித் தள்ளிக் காட்டுங்கள். பிறகு ஷூவை அதே மாதிரி தள்ளுங்கள். அப்புறம் டைல்ஸை முன்வரிசையில் இருக்கும் ஓர் அக்காவிடம் கொடுத்து விரலால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் ஐந்து நிமிஷம் சொல்வதை அந்த விரல் அரை நிமிஷத்தில் சொல்லிவிடும்.

பிறகு பேச்சு இப்படி இருக்கலாம்: "அண்ணே, அக்கா, போன மூணு மாசத்துல மூணு பேருக்குக் கால் மடங்கிச்சு. அவங்க மேல தப்பு இல்ல. இந்த இடத்தச் சுத்தமா வெச்சிக்கிறது எங்க பொறுப்பு. உங்ககிட்ட மூணு உதவி கேக்குறேன். தவிடோ தண்ணியோ அரிசியோ கீழ கிடந்தா தாண்டிப் போகாதீங்க. ஒருத்தர் அங்கேயே நில்லுங்க, இன்னொருத்தர் தொடப்பம் எடுத்துட்டு வாங்க. அதுக்காக வேலை நின்னா நான் கேக்க மாட்டேன். ரெண்டாவது, மூட்டையத் தூக்கிக்கிட்டு இந்த மூலையில திரும்பும்போது இடுப்பத் திருப்பாம காலை எடுத்து வெச்சுத் திரும்புங்க. மூணாவது, கால் மடங்கினா மறைக்காதீங்க, அன்னிக்கே எங்கிட்ட சொல்லுங்க. கூலியப் பிடிக்க மாட்டோம்." கடைசி வாக்கியத்தைச் சொல்லுமுன் முதலாளியின் சம்மதத்தை வாங்கிவிடுங்கள். அவர் சம்மதிக்காவிட்டால் அதைச் சொல்லாதீர்கள். பொய்யாகிப்போன வாக்கு ஒன்று போதும், அடுத்த முறை யாரும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டார்கள்.

மடங்கிய காலை நீவுவது

சுளுக்கு எடுப்பவர்மேல் நம் ஊரில் இருக்கும் நம்பிக்கை எனக்குத் தெரியும். என் பாட்டியே கை வைத்து எடுப்பார். ஆனால் மடங்கிய புதிதில் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். அப்போது எண்ணெய் விட்டு நீவினால் கசிவும் வீக்கமும் கூடும். உள்ளே எலும்பு விரிந்திருந்தால் விலகவும் வாய்ப்பு உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மில்லிலிருந்து நாற்பது வயதைத் தாண்டிய பெண் ஒருவர் என்னிடம் வந்தார். மூட்டை தைக்கும் மிஷின் பக்கம் சிந்திய அரிசியில் கால் வைத்து மடங்கியிருக்கிறது. மூன்று முறை நீவிவிட்டு, ஒன்பதாம் நாள் வந்தார். "நடக்க முடியுதே டாக்டர், எலும்பு ஒடஞ்சா நடக்க முடியுமா?" என்று கேட்டார். வீக்கம் கணுக்காலில்தான் அதிகம். ஆனால் சுண்டுவிரலிலிருந்து குதிகாலை நோக்கிப் பாதத்தின் வெளியோரமாக விரலை ஓட்டிக்கொண்டே போனபோது, நடுவில் புடைத்திருக்கும் எலும்பில் தொட்டதும் காலை இழுத்துக்கொண்டார். எக்ஸ்ரேயில் அங்கேதான் விரிசல். கால் மடங்கும்போது அந்த இடத்தில் பிடித்திருக்கும் தசைநார் எலும்பின் துண்டையே இழுத்துவிடும். ஆறு வாரம் கெட்டியான பூட் போட்டு நடந்து குணமானார். முதல் நாளே வந்திருந்தால் அந்த ஒன்பது நாள் வேதனை இருந்திருக்காது. நடக்க முடிகிறது என்பதால் எலும்பு உடையவில்லை என்று ஆகிவிடாது.

யாருக்கு எக்ஸ்ரே வேண்டும் என்பதற்குக் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் எளிய விதிகளை வகுத்தார்கள். இன்றும் அவசரப் பிரிவுகளில் அவற்றைத்தான் பார்க்கிறோம். நீங்களும் தெரிந்துகொள்ளலாம். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பில், நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் உயரம் வரை விரலால் அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளியோரம் நடுவில் புடைத்திருக்கும் எலும்பையும், உள்பக்கம் பாத வளைவின் உச்சியில் இருக்கும் எலும்பையும் அழுத்துங்கள். எலும்பின் மேலேயே சுரீரென்று வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். அடிபட்ட உடனேயும், பரிசோதிக்கும்போதும் நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும் வேண்டும். நொண்டிக்கொண்டு வைத்தாலும் அது அடிதான். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இந்த விதி பொருந்தாது, அவர்களுக்கு வலியே தெரியாமல் போகலாம். அவர்களை நேராக அனுப்பிவிடுங்கள். களத்துச் சூட்டில் வெறுங்காலோடு நெல் தள்ளி, கொப்புளம் வந்ததே தெரியாமல் நடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் ஆட்களில் யாருக்குச் சர்க்கரை என்று தனியே கேட்டு வையுங்கள்.

எலும்பில் குறையில்லை என்றால் முதல் இரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றிப் பதினைந்து, இருபது நிமிஷம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வைக்கலாம். விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கி கிரேப் பேண்டேஜ் சுற்ற வேண்டும். விரல் நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ உடனே தளர்த்த வேண்டும். படுக்கும்போது கால் நெஞ்சைவிட உயரத்தில் இருக்கட்டும். ஆனால் வாரக்கணக்கில் அசையாமல் கிடப்பதும் தப்பு. மூன்றாம் நாள் வலி பொறுக்கும் அளவுக்கு, உட்கார்ந்தபடி காலைத் தூக்கி, பெருவிரலால் காற்றில் அ முதல் ஃ வரை எழுதச் சொல்லுங்கள். கணுக்கால் எல்லாப் பக்கமும் அசைய அதைவிட எளிய பயிற்சி எனக்குத் தெரியாது.

வேலைக்குத் திரும்புவது வீக்கம் வடிந்ததை மட்டும் பார்த்து அல்ல. சுவர்ப் பக்கம் நின்று, அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிஷம் ஆடாமல் நிற்க முடிய வேண்டும். அதே காலில் குதிகாலைத் தூக்கி இறக்க முடிய வேண்டும். அதுவரை மூட்டை தூக்கும் வேலையும் ஈரத்தரையும் வேண்டாம். ஒரு முறை மடங்கிய கணுக்கால் திரும்ப மடங்க வாய்ப்பு அதிகம். அதனால் தினமும் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கும் பயிற்சியை இரண்டு மூன்று மாதம் விடக் கூடாது.

பேக்கிங் பெண்களின் குதிகால்

காலையில் கட்டிலைவிட்டு இறங்கி வைக்கும் முதல் நாலைந்து அடியில்தான் வலி அதிகம் என்கிறார்களா, கேளுங்கள். ஆமாம் என்றால், குதிகாலிலிருந்து விரல்வரை பாதத்தின் அடியில் ஓடும் பட்டையான நாரில்தான் கோளாறு. எக்ஸ்ரே எடுத்துவிட்டு "முள் வளர்ந்திருக்கு" என்று பயந்து வருகிறார்கள். வலியே இல்லாதவர்களின் குதிகாலிலும் அந்த முள் தெரியும். அதை வெட்டி எடுக்க ஓட வேண்டியதில்லை.

சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையைவிட்டு எழாமல் முன்னால் சாய வேண்டும். கெண்டைக்கால் இழுபடுவது தெரியும். அரை நிமிஷம், மூன்று முறை, காலையும் மாலையும் செய்தால் போதும். வீட்டில் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நடப்பதை விட வேண்டும். பெரும்பாலோருக்கு இதில் சில மாதங்களில் குறைந்துவிடும்.

நிற்கும் இடத்துக்கு இரண்டு மாற்றம் போதும். எடை போடும் இடத்திலும் தைக்கும் இடத்திலும் உயரமான ஸ்டூல் ஒன்று. கூடவே பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் உயரக் கட்டை ஒன்று, கால் மாற்றிக் கால் வைத்துக்கொள்ள. காய்ந்த இடமாக இருந்தால் ஓரம் சரிவாக இருக்கும் கெட்டி ரப்பர் விரிப்பும் போடலாம். தவிடு படியும் இடத்தில் வேண்டாம், விரிப்பே வழுக்கும். மில்லில் இடத்தை மாற்றிக் கொடுக்க முடியுமானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிற்கும் ஆளையும் உட்காரும் ஆளையும் மாற்றுங்கள். நாலு மணிக் கால் களைக்காமல் இருக்க நான் நம்புவது இதைத்தான்.

பதிவேடு

தாராளமாக எழுதுங்கள். எழுதாமல் விட்டால்தான் தொந்தரவு. இ.எஸ்.ஐ. பதிவு உள்ள தொழிலாளிக்கு, வேலையில் அடிபட்டு வர முடியாத நாட்களுக்கு மருத்துவச் சான்றின் பேரில் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். அடிபட்ட நாளைத் தவிர மூன்று நாளாவது வர முடியாமல் இருந்திருக்க வேண்டும். விபத்து நடந்ததற்குப் பதிவே இல்லாவிட்டால் அதை வாங்குவது பெரும்பாடு. பதிவில் தேதியோடு நிறுத்தாமல் மணி, இடம், தரையில் என்ன கிடந்தது, காலில் என்ன போட்டிருந்தார் என்று எழுதுங்கள். விழாமல் வழுக்கியதையும் தனி நோட்டில் குறித்துவையுங்கள்.

அந்த அக்காவை மட்டும் திங்கட்கிழமைவரை காக்க வைக்காதீர்கள். பலமாக மடங்கிய காலில் ஐந்தாம் வாரம் மாலை வீக்கம் வருவது உண்டுதான். ஆனால் அவருக்கு இதுவரை எக்ஸ்ரே எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. நாளைக்கே அருகில் இருக்கும் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். போகும்போது, எந்தப் பக்கம் மடங்கியது, எத்தனை முறை நீவினார்கள் என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.